பூனைக்குட்டி ஒளிந்திருக்கும் இரட்டைப் பக்கம்: எழுத்து, படம், வாசிப்பு ஓட்டம்

கேள்வி: "5, 6 வயதுக் குழந்தைகள் தாங்களே எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு கதைப் புத்தகம் செய்கிறேன். 21 செ.மீ. சதுரம், 24 பக்கம், நடுவில் பின் அடிப்பது. 8, 9-ஆம் பக்கங்களின் பிடிஎஃப் இது. எழுத்து 14 பாயின்ட். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் பாதியிலேயே வாசிப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கப் போய்விட்டான். எழுத்து சிறியதா, படம் தவறான இடத்தில் இருக்கிறதா, வாசிப்பே தடுக்கிறதா? எதிலிருந்து திருத்துவது?"

எழுத்தின் அளவை மாற்ற வேண்டும்தான். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். அந்தப் பையன் படத்துக்குப் போனது தவறில்லை, போன இடத்திலிருந்து வரிக்குத் திரும்பி வர அவனுக்கு வழி கிடைக்கவில்லை. உங்கள் பக்கத்தில் நான் கண்ட குறைகள் எல்லாம் அங்கேதான் போய் முடிகின்றன.

முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காட்ட நினைத்ததும் நான் கண்டதும் ஒன்றுதானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரே படம் இரண்டு பக்கங்களையும் நிறைத்திருக்கிறது. வலது பக்கத்தில் கதையின் சிறுவன் கவின் இடப்புறம் பார்த்தபடி குனிந்து நிற்கிறான். நடு மடிப்பில் ஒரு கூடை, அதற்குள்ளிருந்து பூனைக்குட்டி முழு முகத்தையும் காட்டுகிறது. தரை முழுக்கப் புள்ளி போட்ட கம்பளம். இடது பக்கத்துக் கட்டிலுக்குக் கீழே பந்து, ரயில் வண்டி, பொம்மைகள். கதை முழுவதும் வலது பக்கத்தின் அடியில், கம்பளத்தின் மேல், நடுவாக்கி அச்சாகியிருக்கிறது. "மியாவ்!" மட்டும் வெள்ளை எழுத்தில்.

இதைத் திரையில் வைத்து எடைபோடக் கூடாது. திரையில் 100% என்று காட்டுவது அச்சின் அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது. தாளில் எடுக்கும்போதும் அச்சுப்பெட்டியில் `Fit` தேர்வாகியிருந்தால் பக்கம் சுருங்கிவிடும். `Actual size` வைத்து எடுத்து, அளவுகோலை வைத்து 21 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணத் தாளில் ஒரு பக்கம் முழுதாக அடங்காவிட்டால் இரண்டு துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பிறகு 24 பக்கத்தையும் மடித்து, நடுவில் பின் அடித்து ஒரு டம்மி செய்யுங்கள். தட்டையாக மேசையில் கிடக்கும் தாளில் தெரியாத பல குறைகள் மடித்த புத்தகத்தில் முதல் நிமிடத்திலேயே தெரியும். நானும் அப்படித்தான் உங்கள் பக்கத்தைப் பார்த்தேன்.

அப்படி மடித்ததும் முதலில் கண்ணில் பட்டது பூனைக்குட்டியின் முகம். அதன் மூக்கு சரியாக மடிப்புக்குள் போய்விட்டது. பின் அடித்த புத்தகம் நன்றாக விரியும் என்பதால் இது பெரிய விஷயமில்லை என்று நினைக்கலாம். ஆனால் 24 பக்கப் புத்தகத்தில் 12, 13 என்ற நடுப் பக்கங்கள் மட்டும்தான் ஒரே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வருபவை. 8-ஆம் பக்கம் ஒரு தாள், 9-ஆம் பக்கம் இன்னொரு தாள். மடிக்கும்போதும் வெட்டும்போதும் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் போதும், இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்காது. சுவரோ வானமோ அப்படி விலகினால் யாருக்கும் தெரியாது. முகம் விலகினால் குழந்தைக்குத்தான் முதலில் தெரியும். மடிப்புக்கு இருபுறமும் ஒன்றரை செ.மீ. வரை முகம், கை, எழுத்து எதுவும் வேண்டாம். நீங்கள் பின் அடிக்காமல் முதுகில் பசை வைத்து ஒட்டும் பைண்டிங்குக்கு மாறினால் இன்னும் கூடுதலாக விடுங்கள், அது அவ்வளவு விரியாது.

மடிப்பைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, பூனைக்குட்டி அங்கே இருப்பதே. உங்கள் வாசகம் "பூனைக்குட்டியைக் காணவில்லை" என்கிறது. படம் "இதோ இருக்கிறது" என்கிறது. பக்கத்தைத் திருப்பிய நொடியில் பையன் பூனையைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு இத்தனை வரியை எழுத்துக் கூட்டி வாசித்து அவன் தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது? எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு வரியும் உழைப்பு. அந்த உழைப்புக்கு என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே படம் சொல்லிவிட்டால் அவன் நிறுத்திவிடுவான்.

இரட்டைப் பக்கத்தில் ரகசியம் வைக்க இடமே கிடையாது. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே நேரத்தில் திறக்கின்றன, வலது பக்க ஓரத்தில் ஒளித்து வைத்ததும் அதே நொடியில் தெரிந்துவிடும். ரகசியம் பக்கத்தைத் திருப்பியதும் வர வேண்டும், அதாவது இரட்டைப்படை எண் உள்ள இடது பக்கத்தில். உங்கள் புத்தகத்தில் அது 10-ஆம் பக்கம். 9-ஆம் பக்கத்தின் கடைசி வரி கையைப் பிடித்துத் திருப்ப வைக்க வேண்டும்.

ஆனால் பூனையை முழுக்க மறைத்துவிடவும் சொல்லமாட்டேன். கூடையின் மூடிக்கு வெளியே வால் நுனி மட்டும் எட்டிப் பார்க்கட்டும். கவினுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பது ஐந்து வயதுக்கு மிகப் பெரிய சந்தோஷம். வாலைக் கண்டுபிடித்த பிள்ளை "டேய், அங்க இருக்குடா!" என்று கவினிடம் சத்தம் போடும். முழு முகத்தையும் காட்டினால் அந்தச் சத்தம் வராது.

அடுத்தது கவின் பார்க்கும் திசை. நாம் இடமிருந்து வலமாக வாசிக்கிறோம், வலது ஓரத்தைப் பிடித்துத் திருப்புகிறோம். பக்கத்தில் ஒருவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே நம் கண்ணும் போகும். உங்கள் கவின் வலப்பக்கத்தில் நின்று இடப்பக்கம் பார்க்கிறான், அதனால் கண் வலதுக்கு வந்ததும் திரும்ப இடதுக்கே தள்ளப்படுகிறது. அங்கே கட்டிலும் பொம்மைகளும் இருக்கின்றன, எழுத்து இல்லை. பாத்திரம் வீட்டுக்குத் திரும்பும்போது, தயங்கும்போது, ஏதோ ஒன்று வழிமறிக்கும்போது இடப்பக்கம் பார்க்க வைப்பது நல்ல உத்தி. இங்கே அவன் தேடிக்கொண்டு முன்னே போகிறான். இடது பக்கத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்திருப்பவனாக அவனை மாற்றி, தலையை மட்டும் வலப்பக்கம் திருப்பிவிடுங்கள், சத்தம் கேட்டுத் திரும்புவது போல. கூடை வலது பக்கத்தின் கீழ்மூலைக்குப் போகட்டும். இருவருக்கும் நடுவில் வெறும் தரை, மடிப்பு அந்தத் தரை வழியாகப் போகும். கவின், தரை, கூடை, வால், திருப்பும் ஓரம் என்று கண் தானாக நடக்கும்.

படத்தை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக இரண்டாக உடைத்துவிடலாமா என்றும் தோன்றலாம். தாங்களே வாசிக்கும் பிள்ளைகளுக்கு அதில் பெரிய தீங்கில்லை. ஆனால் இந்தப் புத்தகத்தை மூன்று வயதுத் தம்பிக்கு யாரோ வாசித்துக் காட்டவும் போகிறார்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃப்ளாக், ஹார்ஸ்ட் என்ற இருவர் மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துப் பார்த்தார்கள். இரட்டைப் பக்கத்தில் ஒரே ஒரு படம் இருந்தபோது குழந்தைகள் புதிய சொற்களைக் கூடுதலாகக் கற்றார்கள், இரண்டு பக்கத்திலும் படம் இருந்தால் குறைவாக. எந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கையால் காட்டியபோது அந்தக் குறை தீர்ந்தது. உங்களுடையது ஏற்கெனவே ஒரே காட்சிதான், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொம்மைகளைப் பற்றி. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கதை வாசிக்கும்போது அவர்களின் கண் எங்கே போகிறது என்று மேரி ஆன் எவன்ஸ், ழான் செயின்ட்-ஓபின் இருவரும் 2005-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கண் பெரும்பாலும் படத்தில்தான் இருந்தது, எழுத்தின் மேல் மிகக் கொஞ்ச நேரமே. அந்த வயதில் அது இயல்பு. உங்கள் வாசகர்கள் அதற்கு அடுத்த படியில் இருப்பவர்கள். அவர்களைப் போன்ற முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் ஒன்றைக் கண்டார்கள். கதைக்குச் சம்பந்தமில்லாத விவரங்களைப் படத்திலிருந்து எடுத்துவிட்டபோது, பிள்ளைகளின் கண் எழுத்தை விட்டு விலகிப் போவது குறைந்தது, கதையும் நன்றாகப் புரிந்தது.

இதைப் படித்துவிட்டுப் படத்தை வெறுமையாக்கிவிடாதீர்கள். ரயில் வண்டியும் பந்தும் கட்டிலுக்குக் கீழே இருக்கலாம், கவின் அங்கேதான் தேடுகிறான், அவை கதையைச் சேர்ந்தவை. என் மறுப்பெல்லாம் உங்கள் எழுத்துக்கு இரண்டு விரல் தள்ளி உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சி மேல்தான். அது எந்த வரியிலும் வரவில்லை, பளிச்சென்ற மஞ்சள், வரி முடியும் இடத்துக்கு நேராக இருக்கிறது. ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடும் நேரம்தான் புதிய வாசகருக்கு மிகக் கடினமான நேரம். சரியாக அங்கே ஒரு மஞ்சள் பூச்சி. அதை எடுத்துவிடுங்கள்.

எழுத்தை வைத்திருக்கும் இடத்திலும் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. குழந்தைகள் புத்தகத்தைக் கீழ் மூலைகளில்தான் பிடிப்பார்கள், டம்மியை ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வலது கட்டைவிரல் உங்கள் கடைசி வரியை மூடிவிடும்.

இரண்டாவது, கம்பளம். இது நம் எழுத்துக்கே உரிய ஆபத்து, தயவுசெய்து இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தமிழில் ஒரு புள்ளி எழுத்தையே மாற்றிவிடும். உங்கள் கம்பளத்தின் சிவப்புப் புள்ளி ஒன்று "காணவில்லை" என்பதில் ணகரத்தின் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்கள் சொல்லை முழுதாகப் பார்த்துக் கடந்துவிடுவோம். எழுத்தெழுத்தாகப் போகும் பிள்ளை "காண்வில்லை" என்று நின்றுவிடுவான், தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வான். புள்ளி, பொட்டு, மழைத்துளி, நட்சத்திரம் போன்ற எதன் மேலும் தமிழ் எழுத்தை வைக்கவே வேண்டாம்.

மூன்றாவது, அந்த வெள்ளை "மியாவ்!". அடர்ந்த நிறத்தின் நடுவே வெள்ளையாக விடும் எழுத்து, அச்சில் நான்கு பக்கமிருந்தும் மை பரவுவதால் கொஞ்சம் மெலியும். நான்கு நிறங்களில் ஒன்று துளி விலகினாலும் ஓரம் கலங்கும். கோடுகள் தாங்கும். வகரத்தின் மேலுள்ள புள்ளி 14 பாயின்ட்டில் அரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கிறது, அது அடைபட்டுப் போய்விடும். பூனை "மியாவ" என்று கத்தும். கதையின் எழுத்து எல்லாம் தனிக் கறுப்பு மையில் இருக்கட்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பிலும் வேண்டாம், அங்கேயும் இதே விலகல் வரும்.

எழுத்துக்குக் கீழே வெள்ளைப் பெட்டி போட்டால் சரியாகிவிடுமே என்று லேஅவுட் செய்பவர் சொல்வார். அது ஒட்டுப் போட்டது போலவே தெரியும், படத்தையும் வெட்டும். இந்தக் காட்சியில் வழி கையிலேயே இருக்கிறது. அறையின் சுவர். ஓவியரிடம் சுவரை மேலே உயர்த்தி, மேல் பாதியை வெளிர் நிறத்தில் வெறுமையாக விடச் சொல்லுங்கள். கடிகாரம், காலண்டர் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்திலும் எழுத்து மேலே சுவரில், நிகழ்ச்சி கீழே தரையில் என்று அமையும். முடிந்தால் புத்தகம் முழுக்க எழுத்து இதே மட்டத்தில் வரட்டும். முன்பு நான் வேலை செய்த ஒரு புத்தகத்தில் எழுத்து ஒரு பக்கத்தில் மேலே, அடுத்ததில் கீழே, அதற்கடுத்ததில் பக்கவாட்டில் என்று ஓடும். சோதித்தபோது ஒரு சிறுமி வலது பக்கத்தை முதலில் வாசித்து, பிறகு இடது பக்கத்துக்கு வந்து, "கதை குழப்பமா இருக்கு" என்றாள். வலது பக்கத்தில் எழுத்து மேலேயும் இடது பக்கத்தில் அடியிலும் இருந்தது. அவள் மேலிருந்து கீழே வாசித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இவ்வளவும் ஆன பிறகு அளவுக்கு வருவோம். 14 பாயின்ட் என்ற எண்ணை நம்பாதீர்கள். பாயின்ட் என்பது எழுத்து உட்காரும் பெட்டியின் உயரம், எழுத்தின் உயரம் இல்லை. ஒரு ஃபான்டில் பெட்டியை நிறைத்து எழுத்து இருக்கும், இன்னொன்றில் பாதிதான் இருக்கும். தமிழ் ஃபான்ட்களுக்குள் இந்த வித்தியாசம் அதிகம். அதனால் நான் எப்போதும் அச்செடுத்த தாளில் டகரத்தின் உயரத்தை அளப்பேன். அதற்குக் கொம்பும் இல்லை, சுழியும் இல்லை, நேராக அளக்கலாம். உங்கள் பக்கத்தில் ட 2.4 மி.மீ. பெரியவர்களுக்கான புத்தகத்துக்கு அது தாராளம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு நான் 3.5 மி.மீ.க்குக் குறையாமல் வைப்பேன். உங்கள் ஃபான்டில் 21 பாயின்ட் வைத்தால் ட 3.6 மி.மீ. வரும். ஃபான்டை மாற்றினால் எண்ணும் மாறும், மி.மீ. கணக்கு மாறாது.

இன்னும் பெரிதாக்கினால் இன்னும் நல்லதுதானே என்றால், இல்லை. நம் சொற்கள் நீளமானவை. "கூடைக்குள்ளிருந்து" ஒன்பது எழுத்து, 21 பாயின்ட்டில் கிட்டத்தட்ட 6 செ.மீ. இருக்கும். இருபுறமும் 2 செ.மீ. விட்டால் உங்கள் பக்கத்தில் வரிக்கு 17 செ.மீ. கிடைக்கும், நடுத்தரச் சொற்கள் நான்கு அடங்கும். 30 பாயின்ட் ஆக்கினால் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை வரி மடங்கும், சொன்ன செய்தி முடிவதற்குள் பிள்ளை மூன்று முறை வரி தேட வேண்டியிருக்கும்.

வரிகளின் இடைவெளியையும் நம் எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேலே புள்ளியும் இகர, ஈகார வளைவும் ஏறுகின்றன, கீழே கு, மு, ழு, கூ எல்லாம் இறங்குகின்றன. "கூடை" என்ற சொல்லுக்கு நேர் கீழே "கீழே" வந்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் வளைவும் முட்டிக்கொள்ளும். மென்பொருள் தானாகப் போடும் இடைவெளி பல தமிழ் ஃபான்ட்களுக்குப் போதாது. 21 பாயின்ட் எழுத்துக்கு 32 பாயின்ட் வரி வைத்துப் பாருங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே பிள்ளையின் சுட்டுவிரல் எதையும் மறைக்காமல் நகர முடிந்தால் சரி.

ஃபான்ட் பற்றி ஒரே ஒரு வார்த்தை: ரகரத்தின் கால் கீழே சாய்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். சில ஃபான்ட்களில் ரகரமும் துணைக்காலும் அச்சு அசலாக ஒன்றே. நமக்குப் பழக்கம், புதிதாக வாசிப்பவருக்கு அது புதிர். உங்களுடையதில் வேறுபாடு நன்றாகத் தெரிகிறது, நல்ல தேர்வு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வரி பிரிப்பது. உங்கள் வாசகத்தின் கடைசி ஐந்து வரிகள் இப்படி அச்சாகியிருக்கின்றன:

அப்போது மாடிப்படிக்குக்
கீழே இருந்த கூடைக்குள்ளி
ருந்து ஒரு சின்னச்
சத்தம் கேட்டது. "மியாவ்!" கூடையைத்
திறந்தால் பூனைக்குட்டி!

இரண்டாம் வரியின் முடிவில் சொல் உடைந்திருக்கிறது. செய்தித்தாளில் இதை நாம் கவனிக்கவே மாட்டோம். பிள்ளை மூன்றாம் வரியில் "ருந்து" என்ற சொல்லைச் சந்திக்கிறான். அப்படி ஒரு சொல்லை அவன் கேட்டதே இல்லை. "மருந்தா?" என்று யோசிப்பான். மென்பொருளில் `Hyphenate` என்பதை அணைத்துவிடுங்கள், குழந்தைகள் புத்தகத்தில் எந்தச் சொல்லும் உடையக் கூடாது.

இதைவிட நுட்பமான தடங்கல் முதல், மூன்றாம், நான்காம் வரிகளின் முடிவில் இருக்கிறது: "மாடிப்படிக்குக்", "சின்னச்", "கூடையைத்". அந்தக் க், ச், த் எல்லாம் அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்வதற்காக வந்த ஒற்றுகள். அடுத்த சொல் கண்ணெதிரே இருந்தால் வாய் தானாக வழுக்கிப் போகும். வரி முடிவில் நின்றால் பிள்ளை "கூடையைத்... த்..." என்று அந்தரத்தில் நிற்பான். ஒற்று மிகுந்த இடத்தில் வரியை வெட்டாமல் இருந்தாலே வாசிப்புத் தடங்கலில் பெரும்பகுதி போய்விடும். காரணமும் எளிது. ஒற்று மிகும் இடத்தில் இரண்டு சொற்களும் ஒரே மூச்சில் வருபவை, மூச்சு முடியும் இடத்தில் வரி முடிவதுதான் இயல்பு.

நடுவாக்குவதையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் வேறு இடத்தில் தொடங்கினால் கண் ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். இருபுறமும் சமன் செய்யவும் வேண்டாம், நீளச் சொற்கள் உள்ள நம் வரிகளில் நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இடப்பக்கம் நேராக, வலப்பக்கம் அதன் போக்கில். நான் பிரித்தால் இப்படி வரும். 8-ஆம் பக்கத்துச் சுவரில்:

கட்டிலுக்கு அடியில் பார்த்தான் கவின்.
அலமாரிக்குப் பின்னால் பார்த்தான்.
பூனைக்குட்டியைக் காணவில்லை.

9-ஆம் பக்கத்துச் சுவரில்:

அப்போது ஒரு சின்னச் சத்தம்.
மாடிப்படிக்குக் கீழே,
கூடைக்குள்ளே...
"மியாவ்!"

உங்கள் சொற்களில் கொஞ்சம் கை வைத்துவிட்டேன், பிடிக்காவிட்டால் உங்களுடையதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "கூடைக்குள்ளிருந்து" என்பதை "கூடைக்குள்ளே" ஆக்கியதற்குக் காரணம் உண்டு. ஒன்பது எழுத்து ஆறாகிறது, பிள்ளை பேசும்போது சொல்லும் சொல்லாகவும் இருக்கிறது. நான்கு வரிக்கு உயரம் சுமார் 4.5 செ.மீ. மேல் ஓரத்தில் 2 செ.மீ. விட்டாலும் சுவருக்கு 7 செ.மீ. போதும், மீதி 14 செ.மீ. படத்துக்கு. முன்பு கம்பளத்தில் எழுத்துக்காக இழந்த இடத்தைக்கூட ஓவியர் திரும்பப் பெறுகிறார். படத்தைச் சுற்றி வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக வரைந்து தரச் சொல்ல மறக்காதீர்கள்.

திருத்திய டம்மியை மூன்று நான்கு பிள்ளைகளிடம் கொடுங்கள். ஏற்கெனவே கதை தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனைத் தவிர. "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். தலை தாளை நோக்கிக் குனிந்துகொண்டே போனால் எழுத்து சிறியது. ஒரு வரியை முடித்து அதே வரியின் தொடக்கத்துக்கே திரும்பினால், அல்லது ஒரு வரியைத் தாண்டினால், வரி இடைவெளி போதாது. ஒரு சொல்லில் எல்லாப் பிள்ளைகளும் நின்றால் தவறு சொல்லில் அல்லது அது இருக்கும் இடத்தில். ஒரே ஒரு பிள்ளை மட்டும் நின்றால் விட்டுவிடுங்கள். வாசிக்கும் நடுவில் படத்துக்குப் போவதை எண்ணாதீர்கள், போய்த் திரும்பும்போது விரல் அதே வரியில் இருக்கிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பிள்ளை "மியாவ்!" வந்ததும் கேட்காமலே பக்கத்தைத் திருப்பினால் இந்த இரட்டைப் பக்கம் முடிந்தது.

10-ஆம் பக்கத்தை நான் பார்க்கவில்லை. அங்கே "கூடையைத் திறந்தான் கவின்" என்று தனி வரியில் வைத்துவிட்டு, அடுத்த வரியில் "பூனைக்குட்டி!" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் 30 பாயின்ட் ஆக்கலாம். வரியின் நடுவே ஒரு சொல்லை மட்டும் பெரிதாக்கினால் வரி குதிக்கும், தனி வரியில் அந்தத் தொல்லை இல்லை. முழு முகம் அங்கே வரட்டும், மடிப்பிலிருந்து தள்ளி.